கோரா யாருடைய பிள்ளை? தாகூரின் நாவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் தாகூரின் 'கோரா'வை எடுக்கும்போதெல்லாம் பேச்சு தேசம், மதம், விக்கிரக வழிபாட்டை மறுத்த வங்காளச் சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜம் என்று தொடங்கி, கடைசியில் வேறொரு இடத்தில் வந்து நிற்கும். பெறாத தாய், வளர்ப்புத் தந்தை, ரத்த உறவு என்று வந்து உரிமை கொண்டாடுகிறவர்கள் பற்றித்தான் ஆட்களுக்கு அதிகம் சந்தேகம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். கதை முழுவதும் வெளிப்பட்டுவிடும், தெரிந்தே படியுங்கள்.

நான் நாவல் படிக்கல. கதை என்ன, இதுல யாரு அநாதை?

'கோரா' 1907 முதல் சில ஆண்டுகள் 'பிரவாசி' பத்திரிகையில் தொடராக வந்து 1910இல் புத்தகமானது. கதை நடப்பது கல்கத்தாவில், 1857 சிப்பாய்க் கலகம் முடிந்து ஏறக்குறைய ஒரு தலைமுறை கழித்து. கோரா என்கிற கௌர்மோகன் தீவிரமான இந்து. திருநீறு போல நெற்றியில் கங்கை மண் பூசி, தீண்டல், ஆசாரம், சாதி எல்லாவற்றையும் நியாயப்படுத்திப் பேசுகிறவன். ஆனால் அவன் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவன். கலகத்தின்போது இடாவா நகரில், கணவனைப் பறிகொடுத்த நிறைமாதப் பெண் ஒருத்தி உயிருக்குப் பயந்து கிருஷ்ணதயாள் என்ற வங்காளி பிராமணரின் வீட்டில் தஞ்சம் புகுந்தாள். அன்றிரவே பிள்ளையைப் பெற்றுவிட்டு இறந்துபோனாள். குழந்தை இல்லாத ஆனந்தமயி, கிருஷ்ணதயாளின் இரண்டாம் மனைவி, அந்தப் பிள்ளையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

கோரா மட்டும்தான் அநாதை என்று நினைத்தால் பாதிக் கதை கை நழுவிவிடும். அவனுடைய நண்பன் பினய்க்கு அப்பா அம்மா இருவரும் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். கதாநாயகி சுசரிதாவும் அவள் தம்பி சதீஷும் பெற்றோரை இழந்து, அப்பாவின் நண்பர் பரேஷ் பாபு வீட்டில் வளர்கிறவர்கள். நாவலில் முக்கியமான இளைஞர்களில் பரேஷ் பாபுவின் மகள் லலிதாவைத் தவிரக் கிட்டத்தட்ட எல்லோரும் பெறாதவர்கள் வீட்டில்தான் சோறு சாப்பிடுகிறார்கள்.

பிறப்பு ரகசியம் கடைசியிலதானே வரும்? மொதல்லயே சொன்னா சுவாரசியம் போகாதா?

கோராவுக்குத்தான் அது கடைசியில் தெரியும். வாசகருக்குத் தாகூர் அதைத் தொடக்கத்திலேயே, கிருஷ்ணதயாளும் ஆனந்தமயியும் தனியாகப் பேசும் ஓர் அத்தியாயத்தில் அவிழ்த்துவிடுகிறார். அதனால் இது திடுக்கிடும் திருப்பத்தை நம்பிய கதை இல்லை. கோரா ஒவ்வொரு முறை "நான் இந்து, நான் பிராமணன்" என்று முழங்கும்போதும் நமக்கு உள்ளே ஏதோ இழுக்கும். அந்த இழுப்பில்தான் நாவல் நடக்கிறது. இரண்டாவது முறை படிக்கிறவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆளைப் பார்த்தாலே வெள்ளைக்காரன்னு தெரியாதா? ஒருத்தருமா கேக்கல?

தெரியும்படியாகத்தான் தாகூர் வர்ணிக்கிறார். கிட்டத்தட்ட ஆறடி உயரம், அகலமான எலும்பு, இடி மாதிரிக் குரல், மஞ்சள் சாயலே இல்லாத உறுத்தும் வெள்ளை. கல்லூரிப் பண்டிதர் ஒருவர் அவனுக்கு 'ரஜதகிரி', அதாவது வெள்ளிமலை, என்று பட்டப்பெயரே வைக்கிறார்.

எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் சந்தேகப்படவில்லை. பிள்ளை பிறந்தது வடமேற்கில், யாருக்கும் தெரியாத ஊரில். குடும்பம் பின்னால்தான் கல்கத்தாவுக்கு வந்தது. "இது எங்கள் பிள்ளை" என்று ஓர் அம்மா பூணூல் போட்டு வளர்க்கும்போது, "நிறம் ஒத்துவரவில்லையே" என்று யார் கேட்பார்கள்? ரத்தத்தை யாரும் பார்க்க முடியாது, வளர்த்த விதத்தைத்தான் பார்க்க முடியும். சாதி பிறப்பில் இருக்கிறது என்று நம்பும் அதே ஊர், இருபது வருஷத்துக்கு மேல் ஓர் ஐரிஷ்காரனைப் பிராமணனாக ஏற்று அவன் காலில் விழுந்தது. இந்தக் கிண்டலைத் தாகூர் எங்கேயும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஆனந்தமயி பெரிய பண்டிதர் வீட்டுப் பேத்தியாமே. அவங்க ஏன் ஆசாரத்தையெல்லாம் விட்டாங்க?

காசியில் பெயர்பெற்ற பண்டிதரின் பேத்திதான். பிள்ளைக்காக எத்தனையோ பூஜையும் விரதமும் இருந்தவள். ஒருநாள் கனவில் கூடை நிறைய வெள்ளைப் பூக்களைச் சாமிக்குப் படைக்கிறாள். பார்த்தால் பூக்கள் இல்லை, பூப் போன்ற வெள்ளைக் குழந்தை. அப்புறம் சில நாட்களில் கோரா வந்தான். அவளுக்கு அவன் கடவுள் கொடுத்த பிள்ளை, யாரிடமும் திருப்பிக் கொடுக்க முடியாதவன்.

ஆசாரம் போனதற்குக் காரணத்தை அவளே கோராவிடம் சொல்கிறாள். உன்னை மடியில் எடுத்த அன்றே என் ஆசாரம் போயிற்று, சின்னக் குழந்தையை நெஞ்சோடு அணைத்தால் உலகத்தில் யாரும் சாதியோடு பிறப்பதில்லை என்று புரிந்துவிடும் என்கிற பொருளில். அவள் யாரோடும் வாதம் செய்து, புத்தகம் படித்து இந்த முடிவுக்கு வரவில்லை. ஒரு மிலேச்சக் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, வேலைக்காரியின் கையால் தண்ணீர் வாங்க மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். காரணம் தெரியாத கோரா, அம்மா ஏதோ பழக்கத்தை மீறியவள் என்றே நினைத்துக்கொள்கிறான்.

அம்மா மேல உயிரையே வச்சிருக்கான்னு சொல்றீங்க. ஆனா அவங்க ரூம்ல சாப்பிட மாட்டானாம். இது என்ன பாசம்?

நாவலின் சாவியே இந்தக் கேள்விதான் என்று எனக்குத் தோன்றும். ஆனந்தமயியிடம் லச்மியா என்ற கிறிஸ்தவ வேலைக்காரி இருக்கிறாள். கோராவுக்கு அம்மை கண்டபோது பக்கத்திலிருந்து காப்பாற்றியவள். அவளை அனுப்பிவிடு என்கிறான் கோரா. அம்மா மறுக்கிறாள். அதனால் அவள் அறையில் சாப்பிடுவதை நிறுத்துகிறான், பினயையும் சாப்பிடக் கூடாது என்று தடுக்கிறான். அம்மாவின் பாதத்தைத் தொட்டு வணங்குவான், அவள் தட்டைத் தொட மாட்டான்.

தாகூர் இந்த நாவலில் யார் யாருக்குச் சொந்தம் என்பதை வசனத்தால் அளப்பதில்லை, யார் கையால் யார் தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதால் அளக்கிறார். கிருஷ்ணதயாளைப் பாருங்கள். இளமையில் வெள்ளைச் சிப்பாய்களோடு சேர்ந்து குடித்து, கறி தின்று திரிந்தவர். வயதான பின் வைதிகராகி, வீட்டிலேயே தனக்கென்று ஒரு பகுதியைத் தடுத்துக்கொண்டு 'சாதனாசிரமம்' என்று பெயர் வைத்துவிட்டார். அங்கே மனைவிக்கும் இடமில்லை, கோராவுக்கும் இடமில்லை. அப்பாவுக்கு ஏன் தன் நிழல்கூட ஆகவில்லை என்று பிள்ளைக்குப் புரிவதில்லை. அப்பா அவனுக்குச் செய்வதையே அவன் லச்மியாவுக்குச் செய்கிறான். இது அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

பேசாம முறைப்படி தத்து எடுத்திருந்தா இவ்வளவு சிக்கல் வந்திருக்காதே?

முடியாது. அன்றைய இந்து தர்ம சாஸ்திரச் சட்டப்படி தத்துக் கொடுப்பதற்குப் பெற்ற தகப்பன் வேண்டும், அவன் இல்லாவிட்டால் தாய் வேண்டும். பிள்ளையைக் கையில் எடுத்துக் கொடுக்க அவர்களில் ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும். அதனால் பெற்றோர் இருவரும் இறந்த பிள்ளையைத் தத்தெடுக்க வழியே கிடையாது. யாருக்குத் தத்து மிகவும் தேவையோ அவனுக்கு அந்தக் கதவு சாத்தியிருந்தது. போதாக்குறைக்குப் பிள்ளை அதே வர்ணத்தைச் சேர்ந்தவனாகவும் இருக்க வேண்டும். இறந்த தகப்பனுக்குப் பிண்டம் வைக்கத் தகுதியுள்ள மகன் ஒருவனைப் பெறுவதே தத்தின் நோக்கமாக இருந்தது.

பெற்றோர் இல்லாத பிள்ளையை நீதிமன்ற அனுமதியோடு காப்பாளர் தத்துக் கொடுக்கலாம் என்ற வழி இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தில்தான் வந்தது. அந்தச் சட்டமும் பிள்ளை இந்துவாக இருக்க வேண்டும் என்றது. ஆக, கோரா நூறு வருஷம் பின்னால் பிறந்திருந்தாலும் இந்தச் சட்டத்தில் சிக்கல்தான். கிருஷ்ணதயாள் ஒன்றும் எழுதிவைக்காமல், யாரிடமும் சொல்லாமல் விட்டதற்குக் கோழைத்தனம் ஒரு காரணம் என்றால், எழுதிவைக்கச் சட்டத்தில் ஓர் இடமே இல்லாதது இன்னொன்று.

சுசரிதாவும் வளர்ப்புப் பிள்ளைதானே. அவ ஏன் கோரா மாதிரி தவிக்கல?

அவளுக்கு உண்மை தெரியும். அப்பா ராம்சரண் ஹால்தார், தன் பிள்ளைகளையும் அவர்களுக்கான பணத்தையும் நண்பர் பரேஷ் பாபுவிடம் ஒப்படைத்துவிட்டு இறந்தார். அது உயில் மூலம் வந்த காப்பாளர் பொறுப்பு, தத்து இல்லை. அவளுக்குப் பெற்ற அப்பாவின் நினைவு இருக்கிறது, பரேஷ் பாபுவையும் அப்பா என்றே கூப்பிடுகிறாள். இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை.

ஒரு சின்ன வெட்டு மட்டும் அவளுக்கும் விழுந்திருக்கிறது. அவளுடைய பிறந்த பெயர் ராதாராணி. பரேஷ் பாபுவின் குடும்பம் பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தது. அவர் மனைவி வரதாசுந்தரிக்கு அந்தப் பெயரில் விக்கிரக வழிபாட்டின் வாடை அடித்ததால் சுசரிதா என்று மாற்றிவிட்டாள். சொந்தமாக ஏற்கிறோம் என்று சொல்லிக்கொண்டே பிள்ளையின் பழசை அழிக்கும் வழக்கம் இந்துக்களிடம் மட்டும் இல்லை, சீர்திருத்தம் பேசுகிறவர்களிடமும் உண்டு என்று தாகூர் காட்டுகிறார். அவரே பிரம்ம சமாஜக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் இந்தக் குத்து கொஞ்சம் ஆழமாகவே இறங்குகிறது.

சொந்தப் பெரியம்மாவோ சித்தியோ தேடி வந்துட்டாங்களே, ஹரிமோகினி. ரத்த உறவு வந்தப்புறம் சுசரிதாவுக்கு நல்லதுதானே நடந்திருக்கணும்?

வந்தபோது ஹரிமோகினி நம் கண்ணில் தண்ணீர் வரவைக்கும் பாத்திரம். சின்ன வயதில் கல்யாணம், மகனும் கணவனும் அடுத்தடுத்துச் சாவு, பிறகு மகளும் சாவு. கணவன் வீட்டு மைத்துனர்கள் சொத்தைப் பறித்துக்கொண்டு அவளை வெளியே தள்ளிவிடுகிறார்கள். அநாதையான விதவை. தங்கள் அம்மாவின் உடன்பிறந்தவளைப் பார்த்ததும் சுசரிதாவும் சதீஷும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறார்கள். வரதாசுந்தரி அவளை அவமானப்படுத்தும்போது சுசரிதா அவள் பக்கம் நிற்கிறாள். நாமும் நிற்போம்.

நிலைமை மெல்ல மாறுகிறது. ராம்சரண் விட்டுப்போன பணத்தில் பரேஷ் பாபு பிள்ளைகளின் பேரில் கல்கத்தாவில் இரண்டு வீடுகள் வாங்கிவைத்திருக்கிறார். சங்கடம் முற்றியபோது, பக்கத்திலேயே உன் வீடு இருக்கிறது, பெரியவளோடு அங்கே போய் இரு என்று சுசரிதாவிடம் சொல்கிறார். தன் கைக்கடங்கிய வீடு கிடைத்ததும் ஹரிமோகினியின் குரல் மாறுகிறது. யார் வீட்டுக்குள் வரலாம், சுசரிதா யாரோடு பேசலாம் என்பதை அவள் தீர்மானிக்கத் தொடங்குகிறாள். கடைசியில் தன்னைத் தெருவில் தள்ளிய அதே புகுந்த வீட்டிலிருந்து, மனைவியை இழந்த மைத்துனன் கைலாஷைச் சுசரிதாவுக்கு மாப்பிள்ளையாக அழைத்து வருகிறாள். அவன் வந்தவுடன் பெண்ணைப் பார்ப்பதைவிட வீட்டைத்தான் அளந்து பார்க்கிறான், விலை என்ன போகும் என்று கணக்குப் போடுகிறான்.

இதை வெறும் கெட்ட சித்திக் கதையாகப் படிக்க வேண்டாம். எல்லாவற்றையும் இழந்தவளுக்குக் கையில் மிஞ்சிய ஒரே உறவு இந்தப் பெண். அதை இறுக்கிப் பிடிக்கிறாள். சுசரிதாவைக் கைலாஷுக்குக் கொடுத்தால் தன்னைத் துரத்திய வீட்டுக்குத் தானும் மரியாதையோடு திரும்பலாம் என்ற ஆசையும் அதற்குள் இருக்கிறது. பரேஷ் பாபு செய்வது இதற்கு நேர் எதிர். அவளை வளர்த்தவர், படிக்கவைத்தவர், அவள் பணத்தில் கை வைக்காதவர். போகும் நேரம் வந்ததும், மனசு வலித்தாலும், கதவைத் திறந்துவிடுகிறார். சொந்தம் என்று சொல்ல உரிமை இருக்கிறவள் பிடிக்கிறாள், அந்த உரிமை இல்லாதவர் விடுகிறார். போன பிறகும் சுசரிதா குழப்பம் வந்தால் ஓடுவது பரேஷ் பாபுவிடம்தான்.

நடுவுல ஒரு நாவிதர் கதை வருதே, அது எதுக்கு?

என்னைக் கேட்டால் நாவலிலேயே சிறந்த பக்கங்கள் அவை. கோரா கிராமம் கிராமமாக நடந்து திரியும்போது கோஷ்பூர் சர் என்ற ஊருக்கு வருகிறான். அவுரித் தோட்டத்துத் துரைமார்களின் அடாவடியில் நொறுங்கிப்போன முஸ்லிம் ஊர். எதிர்த்து நின்ற ஃபாரு சர்தார் சிறையில் இருக்கிறான். ஊரில் இருக்கும் ஒரே இந்து வீடு நாவிதருடையது. அந்த வீட்டில் ஒரு முஸ்லிம் பையன் விளையாடிக்கொண்டிருக்கிறான். ஃபாருவின் மகன் தமீஜ். பட்டினியில் கிடந்தவனை நாவிதரின் மனைவி தூக்கிவந்து வளர்க்கிறாள்.

கோராவுக்குக் கோபம் வருகிறது. இந்து வீட்டில் முஸ்லிம் பிள்ளையா என்று நாவிதரைக் கண்டிக்கிறான். நாங்கள் ஹரி என்கிறோம், அவர்கள் அல்லா என்கிறார்கள், வேறென்ன வித்தியாசம் என்கிறார் அவர். வெயிலோ கொளுத்துகிறது, தாகம். ஆனால் அந்த வீட்டுத் தண்ணீர் ஆகாது. ஆசாரம் கெடாமல் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால், தொலைவில் இருக்கும் அவுரித் தோட்டத்துத் தாசில்தார் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் பிராமணர். ஊரை நொறுக்கியவர்களில் அவரும் ஒருவர். கோரா நடக்கத் தொடங்குகிறான், ஆனால் மனசு ஒப்பவில்லை. அநியாயம் செய்கிற பிராமணன் வீட்டுச் சோறு சுத்தம், அடிபட்டவனின் பிள்ளையைக் காப்பாற்றியவன் வீட்டுத் தண்ணீர் அசுத்தம் என்பது எப்படித் தர்மமாகும்? கூட வந்தவனைப் போகச் சொல்லிவிட்டு நாவிதர் வீட்டுக்கே திரும்புகிறான். அங்கேயும் தன் கையாலேயே பாத்திரம் தேய்த்து, தண்ணீர் இறைத்து, சமைத்துத்தான் சாப்பிடுகிறான். பாதி தூரம்தான் வந்திருக்கிறான்.

தன் கதையைத்தான் எதிரில் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அவனுக்குத் தெரியாது. மதம் வேறான பிள்ளை, கலவரத்தில் தனியானவன், ஒரு பெண்ணின் இரக்கத்தால் மட்டும் பிழைத்தவன். தமீஜை வைத்திருக்கக் கூடாது என்று சொல்லும் வாய், ஆனந்தமயி தன்னை வைத்திருக்கக் கூடாது என்று சொல்லும் வாய். நாவிதர் அவன் பேச்சைக் கேட்கவில்லை, நல்லவேளை.

பினய்க்கு ஊர்ல சித்தப்பா இருக்காரே. அப்புறம் ஏன் ஆனந்தமயிய அம்மாங்கறான்?

சித்தப்பா படிக்கவைத்தார். கல்கத்தாவில் அவன் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும்போது, பசிக்கிற நேரம் அறிந்து கூப்பிட்டவள் ஆனந்தமயி. கோராவின் தடையை ஒருமுறை கேட்டு நடந்தவன், பிறகு மனசு கேட்காமல் தானாகவே வந்து அவள் அறையில் சாப்பிடுகிறான். பிரம்ம சமாஜக் குடும்பத்து லலிதாவை அவன் மணக்கப்போகும்போது இரண்டு பக்கமும் கைவிட்டுவிடுகின்றன. கோராவும் வரமாட்டேன் என்கிறான். மாப்பிள்ளையின் அம்மாவாக நின்று கல்யாண வேலைகளை முன்னெடுப்பது ஆனந்தமயிதான். கோராவுக்கு எதிராகப் பினய் பக்கம் அவள் நின்ற இடம் இது, அவள் கோராவுக்கு மட்டும் தாய் இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

உண்மை தெரிஞ்சதும் ஒடஞ்சு போகாம, விடுதலைன்னு சந்தோஷப்படறானே. இது நம்பற மாதிரியா இருக்கு?

முதலில் உடையத்தான் செய்கிறான். ஒரு மாதச் சிறையிலிருந்து வந்தவனுக்குச் சீடர்கள் கங்கைக் கரையில் பெரிய பிராயச்சித்தச் சடங்கு ஏற்பாடு செய்கிறார்கள். அந்த நாளில் கிருஷ்ணதயாள் ரத்தம் கக்கிப் படுத்துவிடுகிறார். சாகப்போகிறோம் என்ற பயத்தில் உண்மையைச் சொல்கிறார். அவர் அதைச் சொல்வது மகன் மீதுள்ள பரிவால் இல்லை. இவன் கையால் தனக்குச் சிராத்தம் நடந்துவிடக் கூடாதே என்ற கவலையால். அந்த நிமிடத்தில் கோராவுக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை, தேசம், சாதி, பெயர், கோத்திரம், குலதெய்வம் ஒன்றுமே இல்லை.

பிறகு எப்படி அவ்வளவு சீக்கிரம் தேறுகிறான்? பல மாதங்களாக அவனே சந்தேகத்தில் இருந்தான். நாவிதர் வீட்டில் தொடங்கியது அது. ஊர் ஊராகப் போய்ப் பார்த்தபோது தான் புகழ்ந்த சமூகம் கஷ்டத்தில் யாருக்கும் கை கொடுக்காததைக் கண்டான். ஆனால் பிராமணன் என்ற கடமை அந்தச் சந்தேகத்தைப் பேசவிடவில்லை. கட்டிக்காக்க வேண்டிய சுவர் தானாக விழுந்ததும் அவனுக்கு மூச்சு வருகிறது. நேராகப் பரேஷ் பாபுவிடம் போய், இன்றுதான் நான் பாரதத்தவன், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவன் என்ற சண்டை என்னுள் இல்லை என்கிறான். இருந்தாலும் கேட்டவரின் சந்தேகத்தை நான் முழுசாக மறுக்கவில்லை. சில மணி நேரத்துக்குள் இவ்வளவு தெளிவு என்பது தாகூரின் அவசரம்தான். இன்னும் ஐம்பது பக்கம் அவனை அலையவிட்டிருக்கலாம்.

பெத்த அம்மாவுக்கு ஒரு பேர்கூட இல்லையே. இது அநியாயம் இல்லையா?

அநியாயம்தான். தகப்பனின் பெயரைக் கிருஷ்ணதயாள் சொல்ல வாயெடுக்கும்போது, பெயர் வேண்டாம் என்று கத்தித் தடுப்பது கோரா. அவனுடைய அதிர்ச்சியில் அது புரிகிறது. ஆனால் அந்தப் பெண்ணை யாருமே கேட்கவில்லை. கணவன் கொல்லப்பட்ட மறுநாள், எதிரியாக இருக்கக்கூடிய ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, பிள்ளையைப் பெற்றுப்போட்டுப் போனவள். ஆனந்தமயியைப் பாரத தேசமாகவே உயர்த்தும் நாவல், அந்த இன்னொரு தாயை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறது. வளர்த்தவள் பெரியவள் என்று காட்டப் பெற்றவளை அழிக்க வேண்டியதில்லை. சுசரிதாவின் விஷயத்தில் இரண்டு அப்பாக்களுக்கும் இடம் கொடுத்த தாகூர், இங்கே கொடுக்கவில்லை.

நாங்க ஒரு குழந்தைய தத்தெடுத்து வளர்க்கிறோம். ஆனந்தமயி மறைச்சது சரின்னு நாவல் சொல்லுதா?

சொல்லவில்லை. மறைத்தது பயத்தால், உன்னை இழந்துவிடுவேனோ என்ற பயத்தால் என்று அவளே ஒப்புக்கொண்டு அழுகிறாள். அந்த மறைப்பின் விலையையும் நாவல் கணக்கில் வைக்கிறது. அப்பா ஏன் தொடவிடுவதில்லை, பிராயச்சித்தம் செய்யாதே என்று ஏன் தடுக்கிறார் என்று தெரியாமல் கோரா வளர்ந்தது அதன் விலை. ஏதோ இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும், என்ன என்று மட்டும் தெரியாது.

மேலே சுசரிதாவைப் பற்றிச் சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். சின்ன வயதிலிருந்தே தெரிந்தவளுக்கு அது ஒரு செய்தி. இருபது வயதுக்கு மேல், சாவுப் பயத்தில் இருக்கும் ஒருவர் வாயிலிருந்து கேட்டவனுக்கு அது இடி. உங்கள் குழந்தைக்கு விவரம் தெரியும் வயதிலிருந்தே, படுக்கவைக்கும்போது சொல்லும் கதையோடு கதையாக, நீ எங்களிடம் எப்படி வந்தாய் என்று சொல்லிவாருங்கள். அந்தக் கதையில் பெற்றவளுக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.

அப்ப அவன் நெசமாவே பிராமணனாப் பொறந்திருந்தா மாறியிருக்கவே மாட்டானோ? ரத்தம் முக்கியமில்லைன்னு சொல்ல ரத்தத்தைத்தானே பயன்படுத்தறாரு?

நாவல் மீது வைக்கக்கூடிய கடுமையான கேள்வி இது, எங்கள் வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி கேட்டது. பிறப்பு பொருட்டில்லை என்று நிறுவ, பிறப்பைப் பற்றிய ஒரு செய்திதான் தேவைப்படுகிறது. சாதியை அவனாக உதறவில்லை, அது அவனிடமிருந்து பிடுங்கப்பட்டது.

என் பதில் பாதிதான். பிறப்பால் பிராமணர்களாக இருந்துகொண்டே மாறியவர்கள் நாவலில் இருக்கிறார்கள். ஆனந்தமயி எந்த ரகசியமும் வெளிப்படாமலே, ஒரு குழந்தையைக் கையில் எடுத்ததால் மட்டும் மாறினாள். பினய் காதலால் மாறினான். கோரா ஒருவனுக்குத்தான் அவ்வளவு பெரிய அடி தேவைப்பட்டது, அவன் பிடிவாதம் அப்படி. ஆனால் நாவலின் பெயர் அவனுடையது, உச்சக்கட்டமும் அவனுடையது என்பதால் கேள்வி அப்படியே நிற்கிறது.

லச்மியாவும் குடும்பத்துல ஒருத்தியா?

கடைசியில் கோரா வீடு திரும்பி ஆனந்தமயியிடம், தேடி அலைந்த அம்மா என் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாய் என்கிறான். உடனே லச்மியாவைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொல் என்கிறான். முன்பு சொன்ன அளவுகோலின்படி பார்த்தால், அந்தத் தண்ணீர் பரேஷ் பாபுவிடம் பேசிய பேச்சு முழுவதையும்விடப் பெரியது. பேச்சை மாற்றிப் பேசலாம், குடித்த தண்ணீரைத் துப்ப முடியாது.

ஆனால் அப்போதும் கொண்டுவருகிறவள் அவள்தான். அவள் கையால் அவன் குடிக்கிறான், அவளுக்கு அவன் கொண்டுவந்து கொடுப்பதில்லை. அம்மை கண்ட பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள், இத்தனை வருஷம் அவன் வெறுப்பைத் தாங்கியவள், அந்த நேரத்தில் என்ன நினைத்தாள் என்று கதைசொல்லி எட்டிப் பார்ப்பதில்லை. குடும்பத்தில் ஒருத்தியா என்றால், வேலைக்காரியாக இருக்கும்வரை ஒருத்தி என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதை முடிஞ்சப்புறம் கோராவும் சுசரிதாவும் எப்படிக் கல்யாணம் பண்ணிக்குவாங்க? எந்தச் சட்டப்படி?

நாவல் அவர்கள் இருவரும் சேர்ந்து பரேஷ் பாபுவை வணங்குவதோடு விட்டுவிடுகிறது, கல்யாணத்தைக் காட்டவில்லை. ஊகிக்க விருப்பமென்றால், அன்று பிரம்ம சமாஜத்தார் பயன்படுத்திய வழி 1872ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம். அதன்படி மணப்பவர்கள் தாங்கள் கிறிஸ்தவரும் இல்லை, யூதரும் இல்லை, இந்துவும் இல்லை, முஸ்லிமும் இல்லை, பார்சியும் பௌத்தரும் சீக்கியரும் ஜைனரும் இல்லை என்று அறிவித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பினய்–லலிதா கல்யாணத்தில் அவ்வளவு இழுபறி வந்ததற்கு இப்படி 'நான் இந்து இல்லை' என்று சொல்ல வேண்டியிருப்பதும் ஒரு காரணம்.

கோராவின் நிலைமை இன்னும் வேடிக்கை. எல்லாச் சாதியும் என் சாதி, எல்லோர் சோறும் என் சோறு என்று அன்று காலையில்தான் அறிவித்திருக்கிறான். பதிவாளர் முன்னால் போனால், இவை எதுவுமே என்னுடையவை இல்லை என்று அவன் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.